சென்சார் எரிகிறது, பிஎல்சிக்குத் தெரியவில்லை: பிராக்சிமிட்டி சென்சார் இணைப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அடைக்கும் இயந்திரங்களைப் பல ஆண்டுகளாகப் பழுது பார்த்து வருகிறேன். தொலைபேசியில் வரும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் அனுப்பி வைக்க வசதியாக இருக்கும் என்று தொகுத்தேன். முதலில், பொருள் அருகே வந்ததைத் தொடாமலே கண்டுபிடிக்கும் பிராக்சிமிட்டி சென்சார்கள். பிறகு, இயந்திரத்தை நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சியோடு அவற்றைச் சேர்க்கும் வயர்கள். எல்லாரும் தடுக்கி விழுவது இரண்டாவதில்தான் என்பதால் அதற்கே இடம் அதிகம்.

இண்டக்டிவ், கெபாசிடிவ், போட்டோ என்று மூன்று சொல்கிறார்கள். எதை எங்கே போடுவது?

என்ன பொருளைப் பிடிக்க வேண்டும், எவ்வளவு தூரத்திலிருந்து பிடிக்க வேண்டும் என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இண்டக்டிவ் சென்சார் உலோகத்தை மட்டும்தான் பார்க்கும். அதன் முகப்பில் உள்ள சுருள் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உலோகம் அருகே வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓடி, புலத்தின் ஆற்றலை உறிஞ்சிவிடும். சுருளின் அலைவு தளர்ந்ததைக் கண்டு சென்சார் வெளியீட்டை மாற்றும். தூசியோ எண்ணெயோ படிந்தாலும் கவலை இல்லை. ஆனால் தூரம் சில மில்லிமீட்டர்தான்.

கெபாசிடிவ் சென்சார், முகப்புக்கு முன்னால் இருக்கும் பொருளால் கெபாசிட்டன்ஸ் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கும். அதனால் தண்ணீர், தானியம், பிளாஸ்டிக், உலோகம் எல்லாவற்றுக்கும் அசையும். அந்தக் குணமே அதன் வரமும் சாபமும். போட்டோ சென்சார் ஒளியை அனுப்பி, அது தடுக்கப்பட்டதா திரும்பி வந்ததா என்று பார்க்கும். மீட்டர் கணக்கில் தூரம் கிடைக்கும். பதிலுக்கு முகப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் இயந்திரத்தில் மூன்றுமே உண்டு. குழாய்முனை கீழே இறங்கிவிட்டதா என்று பார்க்க இண்டக்டிவ், தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கக் கெபாசிடிவ், பாட்டில் வந்துவிட்டதா என்று பார்க்கப் போட்டோ.

பெட்டியில் 4 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. 3 மில்லிமீட்டரில் வைத்தும் பிடிக்கவில்லையே?

எதிரில் இருப்பது அலுமினியமா என்று முதலில் பாருங்கள். பெட்டியில் போடும் தூரம் மென் எஃகுக்கு உரியது. அதுவும் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள சதுரத் தகட்டை நேருக்கு நேர் காட்டி அளந்தது. துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 0.7 மடங்காகவும், பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் 0.4 மடங்காகவும், செம்புக்கு அதற்கும் கீழாகவும் குறையும். உங்கள் 4 மில்லிமீட்டர், அலுமினியத்துக்கு 1.6 மில்லிமீட்டர். வெப்பநிலை, மின்னழுத்தம், ஒவ்வொரு சென்சாருக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடு எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, பெயரளவுத் தூரத்தில் 81 விழுக்காட்டுக்குள் வைத்தால் உறுதியாகப் பிடிக்கும் என்பது தர அளவு. அப்படிப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது 1.3 மில்லிமீட்டர். எதிரில் ஒரு சின்ன இரும்புத் துண்டைத் திருகி வைத்துவிடுவதுதான் சுருக்கமான வழி.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும்: எதிரில் ஒன்றும் இல்லாமலே சென்சாரின் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்பார்கள். முகப்பு வரை உலோகத்துக்குள் புதைத்து வைக்கக்கூடிய வகை ஒன்று, முகப்பைச் சுற்றிக் காலி இடம் விட வேண்டிய வகை இன்னொன்று. 12 மில்லிமீட்டர் திருகு உடம்புள்ள சாதாரண சென்சாரில் முதல் வகைக்கு 2, இரண்டாம் வகைக்கு 4 மில்லிமீட்டர் தூரம் வழக்கம். தூரம் அதிகம் கிடைக்கிறதே என்று இரண்டாம் வகையை வாங்கி, இரும்புத் தகட்டின் துளைக்குள் முகப்பு வரை திருகினால், அது அந்தத் தகட்டையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

தண்ணீரில் அருமையாக வேலை செய்த கெபாசிடிவ் சென்சார், எண்ணெய்த் தொட்டியில் ஏன் ஏமாற்றுகிறது?

தண்ணீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80. தேங்காய் எண்ணெயினுடையது சுமார் 3. பிளாஸ்டிக் தொட்டிச் சுவரும் 2 முதல் 3 வரைதான். சுவருக்கு வெளியே ஒட்டி வைத்த சென்சாருக்குத் தண்ணீர் என்பது கண் கூசும் வெளிச்சம். எண்ணெயோ சுவர் இன்னும் கொஞ்சம் தடித்துவிட்டது போலத்தான் தோன்றும். அதைப் பிடிக்க வேண்டும் என்று உணர்திறன் திருகை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சுவரையே எண்ணெய் என்று சொல்ல ஆரம்பிக்கும். எண்ணெய்க்குச் சுவருக்கு வெளியே வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, முகப்பு நேராக எண்ணெயைத் தொடும்படி பொருத்துவது நல்லது.

திருகைச் சரிசெய்யும் முறையும் முக்கியம். தொட்டி காலியாகவும் சுவர் எண்ணெயில் நனைந்தும் இருக்கும்போது, சென்சார் அணையும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிரம்பியிருக்கும்போது எரியும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். புதிய, காய்ந்த தொட்டியில் சரிசெய்தது பத்து நாளில் பொய் சொல்லும். மார்கழியில் இன்னொரு வேடிக்கை: 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். முகப்பில் கெட்டியாகப் படிந்த கொழுப்பைப் பார்த்து, தொட்டி காலியான பிறகும் நிரம்பியிருப்பதாகச் சென்சார் சாதிக்கும். சென்சாரை மாற்றாதீர்கள், முகப்பைச் சுரண்டுங்கள்.

ஒரு பாட்டில் போனால் போட்டோ சென்சார் இரண்டு என்று எண்ணுகிறது. கோளாறா?

கோளாறு இல்லை, அது உண்மையைத்தான் சொல்கிறது. எண்ணெய் நிரம்பிய தெளிவான பாட்டில் ஓர் உருளை லென்ஸ். ஓரங்கள் கடக்கும்போது ஒளி விலகிப்போய்க் கற்றை அறுந்தது போல் ஆகும். நடுப்பகுதி கடக்கும்போது ஒளி நேராக ஊடுருவிப் போய்ச் சேரும். முன் ஓரத்துக்கு ஒன்று, பின் ஓரத்துக்கு ஒன்று என்று எண்ணிக்கை இரண்டாகிறது. தெளிந்த பொருளுக்கென்றே வரும் பிரதிபலிப்பான் வகைச் சென்சார் உண்டு. ஆனால் அதை வாங்குவதற்கு முன், இருக்கிற சென்சாரை மூடியின் உயரத்துக்கு ஏற்றிப் பாருங்கள். மூடி ஒளிபுகாதது. பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

வயரில் பழுப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று நிறம். எது எங்கே போக வேண்டும்?

பழுப்பு, 24 வோல்ட்டின் நேர்முனைக்கு. நீலம், 0 வோல்ட்டுக்கு. கறுப்புதான் வெளியீடு, அது பிஎல்சி இன்புட்டுக்கு. நான்காவதாக வெள்ளை இருந்தால் பெரும்பாலும் எதிர்நிலை வெளியீடு: கறுப்பு எரியும்போது அது அணையும். இந்த நிற ஒழுங்கு சென்சார் எந்த வகையானாலும் ஒன்றுதான். வந்த வினையும் அதுதான். பிஎன்பி, என்பிஎன் என்ற இரண்டு வெளியீட்டு வகைகளுக்கும் நிறம் ஒன்று, அளவு ஒன்று, உடம்பு ஒன்று. வேறுபாடு சீட்டில் உள்ள எண்ணின் ஓர் எழுத்தில் மட்டும் இருக்கும்.

பிஎன்பி, என்பிஎன் என்றால் உண்மையில் என்ன? டிரான்சிஸ்டர் பாடம் வேண்டாம், புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி மேலே இருக்கிறது, அதுதான் 24 வோல்ட். வடிகால் கீழே இருக்கிறது, அதுதான் 0 வோல்ட். நடுவில் இருக்கும் வயல் பிஎல்சியின் இன்புட். வயல் வழியாகத் தண்ணீர் ஓடினால்தான் பிஎல்சிக்கு ‘ஒன்று’ என்று தெரியும். பிஎன்பி சென்சார் மேல்மடை. பொருளைப் பார்த்ததும் ஏரிப் பக்கம் திறந்து கறுப்பு வயரில் 24 வோல்ட்டை விடும். என்பிஎன் சென்சார் கீழ்மடை. பொருளைப் பார்த்ததும் கறுப்பு வயரை 0 வோல்ட்டோடு சேர்த்து வடிகாலைத் திறக்கும்.

மேல்மடை வைத்திருந்தால் வயலின் மறுபக்கம் வடிகாலோடு எப்போதும் சேர்ந்திருக்க வேண்டும். கீழ்மடை வைத்திருந்தால் மறுபக்கம் ஏரியோடு எப்போதும் சேர்ந்திருக்க வேண்டும். சென்சார் ஒரு பக்கத்தைத்தான் திறந்து மூடும், மற்றப் பக்கத்தை நாம் கட்டி வைக்க வேண்டும். இனி வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு பத்தியிலிருந்து கிளைப்பவை.

அப்படியானால் பிஎன்பி என்றால் நார்மலி ஓபன், என்பிஎன் என்றால் நார்மலி குளோஸ்டா?

இல்லை. பொருள் வந்தால் மடை திறப்பது நார்மலி ஓபன், மூடுவது நார்மலி குளோஸ்ட்; அது ஒரு கேள்வி. மடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நான்கு சேர்க்கைகளும் கடையில் கிடைக்கும். என்பிஎன் சென்சாரைத் தவறான இன்புட்டில் போட்டுவிட்டு நிரலில் எதிர்நிலைக்கு மாற்றிப் பார்ப்பவர்கள் இந்தக் குழப்பத்தில் இருப்பவர்கள்தான். ஓட்டமே இல்லாத இடத்தில் எதைத் திருப்பிப் போட்டாலும் மாறாமல் ஒரே விடைதான் வரும்.

சிங்க் இன்புட்டுக்கு பிஎன்பி என்று ஒரு புத்தகம், சிங்க் இன்புட்டுக்கு என்பிஎன் என்று இன்னொன்று. எது சரி?

இரண்டும் சரி. குழப்பம் நம்முடையது அல்ல, பெயர் வைத்தவர்களுடையது. மின்னோட்டத்தை வெளியே தருவது சோர்ஸ், வாங்கி உள்ளே விடுவது சிங்க். அந்த வகையில் பிஎன்பி வெளியீடு சோர்ஸ், என்பிஎன் வெளியீடு சிங்க். இதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை இன்புட்டுக்குப் பெயர் வைப்பதில் வருகிறது.

சீமென்ஸின் எஸ்7-1200 கையேடு இன்புட்டின் கண்ணால் பார்க்கிறது. இன்புட் மின்னோட்டத்தை வாங்கினால் அது சிங்க் இன்புட், அதற்குத் தர வேண்டியது பிஎன்பி. மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ்3யூ கையேட்டில் சிங்க் இன்புட் என்றால், இன்புட் டெர்மினலிலிருந்து மின்னோட்டம் வெளியே வந்து சென்சாருக்குள் இறங்கும் இணைப்பு. அதற்கு என்பிஎன். ஒரே சொல், நேர்மாறான வயரிங். அதனால் என்னிடம் பேசும்போது சிங்க், சோர்ஸ் என்ற சொற்களையே எடுக்காதீர்கள். ‘காமன் எந்த முனையில் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லுங்கள்.

காமன் என்றால் எது? அதை எதோடு சேர்ப்பது?

இன்புட்டுகளின் மறுமுனைகள் எல்லாம் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து வெளியே வரும் டெர்மினல்தான் காமன். வயலின் ‘மறுபக்கம்’ என்று முன்பு சொன்னது இதைத்தான். எஸ்7-1200-இல் அதன் பெயர் `1M`, எஃப்எக்ஸ்3யூவில் `S/S`. இந்த இரண்டிலும் இன்புட்டின் முகப்பில் இரு திசையிலும் ஓட்டத்தை ஏற்கும் ஒளிவழி இணைப்பான் இருப்பதால், காமனை எங்கே சேர்க்க வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். பிஎன்பி சென்சார்களுக்குக் காமனை 0 வோல்ட்டில் சேர்க்க வேண்டும், என்பிஎன் சென்சார்களுக்கு 24 வோல்ட்டில் சேர்க்க வேண்டும். எல்லாப் பிஎல்சிக்கும் இந்தச் சுதந்திரம் கிடையாது. சிலவற்றில் ஒரு திசை மட்டுமே உண்டு, அங்கே சென்சாரைத்தான் பிஎல்சிக்கு ஏற்ப வாங்க வேண்டும்.

காமன் ஒன்றுதான் என்றால் அந்தக் குழு முழுவதும் ஒரே இனமாக இருக்க வேண்டும். எட்டு இன்புட்டுக்கு ஒரு காமன் என்று தனித்தனிக் குழுக்களாகப் பிரித்திருக்கும் கார்டுகளில் மட்டும், ஒரு குழுவைப் பிஎன்பிக்கும் அடுத்ததை என்பிஎன்னுக்கும் ஒதுக்கலாம்.

சென்சாரில் விளக்கு எரிகிறது, பிஎல்சியில் எரியவில்லை. இன்புட் எரிந்துபோய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் எண்ணெய் ஆலையில் இரவுப் பணியில் குழாய்முனை சென்சார் இடித்து உடைந்தது. கடையில் அதே அளவு, அதே உடம்புள்ள ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். குழாய்முனை இறங்கும்போது சென்சாரின் மஞ்சள் விளக்கு எரிந்தது, பிஎல்சியில் அதற்குரிய `I0.4` இன்புட்டின் விளக்கு எரியவில்லை. கேபிளை மாற்றினார்கள். இன்புட்டை `I0.5`-க்கு மாற்றினார்கள். இன்புட் கார்டு போய்விட்டது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள்.

போய்ப் பார்த்தேன். நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையே மீட்டர் வைத்தால், உலோகம் இருந்தாலும் 0 வோல்ட், இல்லாவிட்டாலும் 0 வோல்ட். பிஎன்பி சென்சாராக இருந்தால் எரியும்போது 24-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். சீட்டைத் துடைத்துப் படித்தேன், என்பிஎன். இயந்திரத்தில் மற்ற ஆறு சென்சார்களும் பிஎன்பி, காமன் 0 வோல்ட்டில். கீழ்மடையைத் திறக்கிறார்கள், வயலின் மறுபக்கமும் வடிகால்தான். இரண்டு பக்கமும் வடிகாலாக இருக்கும் வயலில் எந்தத் தண்ணீர் ஓடும்? சென்சாரின் விளக்கு அதன் சொந்த மின்சாரத்தில் எரிவது. கறுப்பு வயரில் ஓட்டம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு தம்பி இணையத்தில் படித்துவிட்டு, காமனை 24 வோல்ட்டுக்கு மாற்றியும் பார்த்திருக்கிறார். புதிய சென்சார் உடனே வேலை செய்தது. மற்ற ஆறும் படுத்துவிட்டன. மேல்மடையைத் திறந்தால் மறுபக்கமும் ஏரி. அவர் கண்டுபிடித்தது தவறில்லை, ஒரு காமனில் இரண்டு இனம் வாழாது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

கறுப்பு வயருக்கும் 24 வோல்ட்டுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் என்பிஎன்னைப் பிஎன்பி ஆக்கலாம் என்கிறார்களே?

ஆகும், ஆனால் தலைகீழாக ஆகும். சென்சார் அணைந்திருக்கும்போது ரெசிஸ்டர் வழியாக வரும் ஓட்டத்தால் இன்புட் எரியும். சென்சார் எரியும்போது கறுப்பு வயர் 0 வோல்ட்டுக்கு இழுக்கப்பட்டு இன்புட் அணையும். நிரலில் திருப்பிக்கொள்ளலாம் என்பார்கள். அதற்கு முன் ரெசிஸ்டரின் அளவைப் பாருங்கள். 24 வோல்ட்டில் சுமார் 5 மில்லிஆம்பியர் எடுக்கும் இன்புட்டை 4.8 கிலோ ஓம் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். கையில் கிடைத்த 10 கிலோ ஓமையும், பிறகு 2.2 கிலோ ஓமையும் போட்டால் இன்புட்டுக்குக் கிடைப்பது இது:

```
24 × 4.8 / (4.8 + 10)  ≈ 7.8 V
24 × 4.8 / (4.8 + 2.2) ≈ 16.5 V
```

பிஎல்சியின் வழக்கமான 24 வோல்ட் இன்புட், 15 வோல்ட்டுக்கு மேல் ‘ஒன்று’, 5 வோல்ட்டுக்குக் கீழ் ‘சுழி’ என்று உறுதி தரும். நடுவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. 10 கிலோ ஓமில் கிடைக்கும் 7.8 அந்த நடுப்பகுதியில் மாட்டுகிறது. காலையில் வேலை செய்து மதியம் நின்றுபோகும் வகைக் கோளாறு இப்படித்தான் பிறக்கிறது. 2.2 கிலோ ஓம் தப்பித்துவிடும். ஆனால் சென்சார் எரியும்போதெல்லாம் அந்த ரெசிஸ்டரில் கால் வாட்டுக்குச் சற்று மேல் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டால் கருகும், 1 வாட் போட வேண்டும்.

அப்படியானால் அன்று என்னதான் செய்தீர்கள்?

காமனைப் பழையபடி 0 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். 24 வோல்ட் இணைப்பு ரிலே ஒன்றை எடுத்து, சுருளின் ஒரு முனையை 24 வோல்ட்டிலும் மறுமுனையைக் கறுப்பு வயரிலும் கொடுத்தேன். ரிலேயின் தொடுமுனை வழியாக 24 வோல்ட்டை `I0.4`-க்கு அனுப்பினேன். கீழ்மடை சுருளை இழுக்கிறது, தொடுமுனை மேல்மடையாக நடக்கிறது. தலைகீழ் இல்லை, நிரலில் கை வைக்க வேண்டியதும் இல்லை. சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு போட மறக்கக் கூடாது, அதன் கோடு உள்ள முனை 24 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருள் அணையும்போது எழும் மின்னழுத்தம் சென்சாரின் வெளியீட்டைத் தின்றுவிடலாம்.

ரிலே மூடுவதற்கு ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும், தொடுமுனைக்கு ஆயுள் உண்டு. குழாய்முனை ஏறி இறங்குவதற்கு இது போதும். பாட்டில் எண்ணுவதற்கோ பற்சக்கரப் பல் எண்ணுவதற்கோ போதாது. அடுத்த வாரம் பிஎன்பி சென்சார் வந்ததும் ரிலேயைக் கழற்றிவிட்டோம்.

சீட்டு அழிந்துபோன சென்சார் ஒன்று இருக்கிறது. பிஎன்பியா என்பிஎன்னா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிஎல்சியோடு சேர்க்காமல் மேசையில் வைத்துப் பாருங்கள். பழுப்பு, நீலத்துக்கு 24 வோல்ட் கொடுங்கள். கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதன் குறுக்கே மீட்டரை வையுங்கள். உலோகத்தைக் காட்டி எடுக்கும்போது 24-ஐ ஒட்டி ஏறி இறங்கினால் பிஎன்பி. அசையாமல் 0-வை ஒட்டியே இருந்தால், ரெசிஸ்டரின் நீல முனையைப் பழுப்புக்கு மாற்றி, மீட்டரைக் கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையிலேயே வைத்திருங்கள். இப்போது 24-க்கும் 0-க்கும் இடையே ஆடினால் என்பிஎன்.

ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் மீட்டரை வைத்துப் பார்க்காதீர்கள். மீட்டர் எடுக்கும் ஓட்டம் மிகச் சிறிது என்பதால், கறுப்பு வயர் அந்தரத்தில் தொங்கும்போது அது ஏதேதோ எண்ணைக் காட்டும். சில என்பிஎன் சென்சார்களுக்குள்ளேயே நேர்முனையோடு சேர்ந்த ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், வெறும் மீட்டருக்கு அது பிஎன்பி போலவே தெரியும். ரெசிஸ்டரோடு பார்க்கும்போதும் அத்தகைய சென்சாரில் முதல் சோதனையில் சில வோல்ட் வரலாம். ஆனால் 24-ஐத் தொடாது, உலோகம் வரும்போது ஏறாமல் இறங்கும். அதைக் கவனியுங்கள்.

ஐரோப்பிய இயந்திரம் எல்லாம் பிஎன்பி, பழைய ஜப்பானிய இயந்திரம் எல்லாம் என்பிஎன். எது நல்லது?

பழக்கம் ஒரு காரணம்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்மையில் உண்டு: வயர் உரசித் தேய்ந்து இயந்திரச் சட்டத்தைத் தொட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான இயந்திரங்களில் 0 வோல்ட் சட்டத்தோடு நிலஇணைப்பு செய்யப்பட்டிருக்கும். பிஎன்பி சென்சாரின் கறுப்பு வயர் சட்டத்தில் பட்டால், சென்சார் எரியும்போது குறுக்குச்சுற்று ஆகிப் பாதுகாப்பு இயங்கும், பிஎல்சிக்குச் சுழிதான் போகும். இயந்திரம் நிற்கும். என்பிஎன் சென்சாரின் கறுப்பு வயர் பட்டாலோ, அது கீழ்மடையைத் திறந்ததற்குச் சமம். சென்சார் ஒன்றும் பார்க்காமலே பிஎல்சிக்கு ‘ஒன்று’ போகும்.

எங்கள் இயந்திரத்தில் அந்த ‘ஒன்று’ என்றால் ‘குழாய்முனை பாட்டிலுக்குள் இறங்கிவிட்டது, வால்வைத் திற’ என்று பொருள். எண்ணெய் தரையில் ஓடும். வயர் சட்டத்தில் படுவது, 24 வோல்ட் வயரோடு படுவதைவிட அடிக்கடி நடப்பது. அதனால் புதிதாகச் செய்வதானால் நான் பிஎன்பிதான் போடுவேன். வயர் அறுந்துபோவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, இரண்டிலும் சுழிதான். ஆள் கை வைக்கும் இடத்துக்கு இந்தச் சென்சார்களில் எதையும் நம்பாதீர்கள். அதற்குப் பாதுகாப்புக்கென்றே செய்த சென்சாரும் ரிலேயும் தனியாக உண்டு.

சென்சாருக்குத் தனி 24 வோல்ட், பிஎல்சிக்குத் தனி 24 வோல்ட். எல்லாம் சரியாகக் கொடுத்தும் இன்புட் எரியவில்லை?

இரண்டு மின்வழங்கிகளின் 0 வோல்ட்டுகளும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா? ஒரு வழங்கியிலிருந்து கிளம்பிய ஓட்டம் அதே வழங்கிக்குத் திரும்பிப் போயாக வேண்டும். அந்த ஏரியின் தண்ணீர் இந்த வடிகாலில் இறங்காது. 0 வோல்ட்டுகளை ஒரு வயரால் சேருங்கள். நேர்முனைகளைச் சேர்க்காதீர்கள்.

இரண்டே வயர் உள்ள சென்சார் வந்திருக்கிறது. இது பிஎன்பியா என்பிஎன்னா?

இரண்டும் இல்லை. அது வயலின் ஏரிப் பக்கமா வடிகால் பக்கமா என்று பாராமல் வரிசையில் உட்காரும் சுவிட்ச். காமன் எந்த முனையில் இருந்தாலும் பொருத்தலாம், சென்சாரில் குறித்திருக்கும் நேர், எதிர் முனைகளை மட்டும் மாற்றிவிடக் கூடாது. ஆனால் அதன் சொந்தச் செலவுக்கான மின்சாரமும் அதே இரண்டு வயரில்தான் வர வேண்டும். அதனால் அணைந்திருக்கும்போதும் ஒரு சிறு கசிவு ஓடிக்கொண்டே இருக்கும், எரியும்போதும் தனக்கென்று சில வோல்ட்டை எடுத்துக்கொள்ளும்.

கசிவு 0.8 மில்லிஆம்பியர் என்றால், மேலே எடுத்துக்கொண்ட 4.8 கிலோ ஓம் இன்புட்டில் 3.8 வோல்ட் நிற்கும். 5-க்குக் கீழே இருப்பதால் பிழைத்தோம். கசிவு 1.5 ஆனால் 7.2 வோல்ட், ரெசிஸ்டர் கேள்வியில் பார்த்த அதே நடுப்பகுதி. இன்புட்டுக்கும் காமனுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டரை இணையாகப் போட்டுக் கசிவைப் பகிர்ந்தால் இறங்கும். 4.7 கிலோ ஓம் போட்டால் ஏறத்தாழப் பாதியாகி 3.6 வோல்ட்டுக்கு வந்துவிடும்.

இரண்டு வயர் சென்சார்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கட்டும் பழக்கமும் சிலருக்கு இருக்கிறது. ஒவ்வொன்றும் 4 வோல்ட் எடுத்தால், இரண்டில் இன்புட்டுக்கு 16 மிஞ்சும், மூன்றில் 12-தான். மூன்று விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க, இன்புட் 15-ஐத் தொடாமல் நிற்கும். ஒவ்வொன்றையும் தனி இன்புட்டுக்குக் கொண்டுபோய், ‘மூன்றும் எரிந்தால்’ என்பதை நிரலில் எழுதுங்கள். அடுத்த முறை எது அணைந்தது என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.